ஒரே படத்தில் இரண்டு அச்சு ஏன் ஏமாற்றுகிறது, எப்போது இரண்டு பேனலாகப் பிரிக்க வேண்டும்

இடது பக்கம் ஓர் அச்சு, வலது பக்கம் இன்னோர் அச்சு, நடுவில் இரண்டு கோடுகள். செய்தித்தாளிலும் அரசு அறிக்கையிலும் அலுவலகக் கூட்டத்திலும் அடிக்கடி பார்க்கிற வரைபடம் இது. இரண்டு விவரங்களை ஒரே இடத்தில் காட்டிவிடலாம் என்பதால் வரைகிறவருக்கு வசதி. பார்க்கிறவருக்கோ அந்தப் படத்தில் கண்ணில் முதலில் படுகிற விஷயங்கள், அதாவது எந்தக் கோடு மேலே இருக்கிறது, எங்கே வெட்டிக்கொள்கின்றன, எது செங்குத்தாக ஏறுகிறது என்பவை பெரும்பாலும் தரவிலிருந்து வருவதில்லை. அச்சின் தொடக்கத்தையும் முடிவையும் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், தேர்ந்தெடுத்ததிலிருந்து வருகின்றன.

இதைச் சும்மா சொல்வதைவிட, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு தரவை எடுத்து வரைந்து பார்ப்போம். சுதந்திர இந்தியாவின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தரும் மக்கள்தொகையும் எழுத்தறிவு விகிதமும் இவை. 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் வரிசை 2011-உடன் நிற்கிறது.

| ஆண்டு | மக்கள்தொகை (கோடி) | எழுத்தறிவு (%) |
|---|---|---|
| 1951 | 36.1 | 18.3 |
| 1961 | 43.9 | 28.3 |
| 1971 | 54.8 | 34.5 |
| 1981 | 68.3 | 43.6 |
| 1991 | 84.6 | 52.2 |
| 2001 | 102.9 | 64.8 |
| 2011 | 121.1 | 73.0 |

பல புத்தகங்களில் 2011-க்கு 74.04 என்று இருக்கும். அது முதலில் வெளியான தற்காலிகக் கணக்கு. இறுதிக் கணக்கில் அது சுமார் 73 ஆனது.

## முதல் படி: அச்சை மாற்றினால் கதை மாறுகிறதா என்று பாருங்கள்

இந்த அட்டவணையை எக்செல் போன்ற ஒரு விரிதாளில் போட்டு, கோட்டு வரைபடம் வரைந்து, எழுத்தறிவை `Secondary Axis`-க்கு மாற்றுங்கள். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் பொதுவாக மக்கள்தொகைக்கு 0 முதல் 140 வரையும், எழுத்தறிவுக்கு 0 முதல் 80 வரையும் எடுத்துக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு புள்ளியும் படத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்:

```
உயரம் = (மதிப்பு − அச்சின் தொடக்கம்) / (அச்சின் முடிவு − அச்சின் தொடக்கம்)
```

1951-இல் மக்கள்தொகைப் புள்ளி படத்தின் 26 சதவீத உயரத்தில் இருக்கிறது, எழுத்தறிவு 23 சதவீத உயரத்தில். 1961-இல் மக்கள்தொகை 31, எழுத்தறிவு 35. ஆக, 1955 வாக்கில் எழுத்தறிவுக் கோடு மக்கள்தொகைக் கோட்டை வெட்டி மேலே போகிறது, அதன் பிறகு 2011 வரை கீழே இறங்குவதே இல்லை. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஐம்பதுகளிலேயே கல்வி மக்கள்தொகைப் பெருக்கத்தை முந்திவிட்டது என்று நினைப்பார்.

சரி, எழுத்தறிவு என்பது சதவீதம்தானே, அதன் அச்சு 100 வரை இருப்பதே முறை என்று ஒருவர் சொல்கிறார். நியாயமான பேச்சு. அந்த ஓர் எண்ணை மட்டும் 80-இலிருந்து 100 ஆக்குங்கள். 1951-இல் மக்கள்தொகை 26, எழுத்தறிவு 18. 2011-இல் மக்கள்தொகை 87, எழுத்தறிவு 73. கோடுகள் எங்குமே வெட்டிக்கொள்ளவில்லை. மக்கள்தொகை எப்போதும் மேலே நிற்கிறது, இடைவெளியும் தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் அகலமாக இருக்கிறது. எவ்வளவு படித்தாலும் பெருக்கத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்ற கதை இப்போது வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒருவர், மக்கள்தொகை 36 கோடியில்தானே தொடங்குகிறது, கீழே ஏன் இவ்வளவு வெற்றிடம் என்று கேட்டு, அந்த அச்சை 20-இலிருந்து 140 வரை வைக்கிறார். எழுத்தறிவு 0 முதல் 100. இப்போது 1951-இல் எழுத்தறிவு 18 சதவீத உயரத்திலும் மக்கள்தொகை 13-லும் இருக்கின்றன. 1981 வரை எழுத்தறிவே மேலே. 1988 வாக்கில் மக்கள்தொகைக் கோடு வெட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது. எண்பதுகளின் இறுதியில் நாட்டில் ஏதோ தவறிவிட்டது, அப்போது என்ன நடந்தது என்று தேடத் தோன்றும். நடந்தது எதுவும் இல்லை. அச்சு 0-க்குப் பதில் 20-இல் தொடங்கியது, அவ்வளவுதான்.

மூன்று படத்திலும் தரவு ஒன்றுதான். யாரும் பொய் எண் போடவில்லை. முதல் இரண்டு படங்களில் இரண்டு அச்சுகளுமே பூச்சியத்தில்தான் தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். அச்சைப் பூச்சியத்தில் தொடங்கினால் நேர்மையாகிவிடும் என்கிற பொது அறிவுரை பட்டை வரைபடத்துக்குச் சரி. இரட்டை அச்சுக்கு அது போதாது, ஏனென்றால் மேல் எல்லை ஒன்றை மாற்றினாலே வெட்டுப்புள்ளி இடம் மாறுகிறது, காணாமலும் போகிறது.

இதற்குக் காரணம் எளிமையானது. ஒவ்வோர் அச்சுக்கும் தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்களை நாம் விருப்பப்படி வைக்கலாம். அந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் ஒரு கோட்டை மேலும் கீழும் நகர்த்தலாம், இழுத்து நீட்டலாம், அமுக்கலாம். ஏறிக்கொண்டே போகிற எந்த இரண்டு கோடுகளையும் எடுத்து, இரண்டு முனைகளும் பொருந்துகிறபடி வைத்துவிட முடியும். மக்கள்தொகைக்கு 20–130, எழுத்தறிவுக்கு 8–79 என்று வைத்துப் பாருங்கள். 1951-லும் 2011-லும் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், நடுவிலும் கோடுகள் அருகருகே போகும். மக்கள்தொகை கூடியதால்தான் எழுத்தறிவு கூடியது என்று சொல்லக்கூட ஒரு படம் தயார்.

ஆகவே யாராவது இரட்டை அச்சுப் படம் காட்டினால் முதலில் செய்யவேண்டியது இதுதான்: ஏதாவது ஓர் அச்சின் எல்லையை, யாரும் குறை சொல்லாத அளவுக்கு மட்டும் மாற்றி மறுபடி வரையுங்கள். படம் சொல்கிற கதை அதோடு மாறிவிட்டால், அந்தக் கதை தரவில் இருந்ததில்லை.

## இரண்டாம் படி: கழித்துப் பாருங்கள்

மறுபடி வரைய நேரமில்லை, கையில் தரவும் இல்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் காட்டி, அதன் அலகு என்ன என்று கேளுங்கள்.

ஆண் எழுத்தறிவு, பெண் எழுத்தறிவு என்ற இரண்டு கோடுகளாக இருந்தால் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. அது இத்தனை சதவீதப் புள்ளி என்று சொல்லலாம். அவை வெட்டிக்கொண்டால் இருவரும் சமமாகிவிட்டார்கள் என்று பொருள். ஆனால் 87 உயரத்தில் உள்ள மக்கள்தொகையிலிருந்து 73 உயரத்தில் உள்ள எழுத்தறிவைக் கழித்தால் வருவது என்ன? கோடியிலிருந்து சதவீதத்தைக் கழிக்க முடியாது. கழிக்க முடியாத இரண்டுக்கு இடையில் இடைவெளி என்று ஒன்றும் இல்லை, வெட்டுப்புள்ளி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் கண் அந்த இரண்டையும்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. வரைந்தவர் குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும் கண்ணை நிறுத்த முடியாது.

அலகு ஒன்றாகவே இருந்தும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு நன்கு பதிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் ஒரு குழு, கருக்கலைப்பு உள்ளிட்ட மருத்துவச் சேவைகள் தருகிற பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற அமைப்பின் தலைவரை விசாரித்தது. அங்கே திரையில் ஒரு படம் காட்டப்பட்டது. 2006-க்கும் 2013-க்கும் இடையில் புற்றுநோய்ப் பரிசோதனை, தடுப்புச் சேவைகள் சுமார் 20.07 லட்சத்திலிருந்து 9.36 லட்சமாகக் குறைந்ததை ஓர் அம்பு காட்டியது. கருக்கலைப்புகள் 2.90 லட்சத்திலிருந்து 3.27 லட்சமாகக் கூடியதை இன்னோர் அம்பு காட்டியது. இரண்டு அம்புகளும் நடுவில் பெரிய பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டன. முடிவில் 3.27 லட்சம் மேலே, 9.36 லட்சம் கீழே. இரண்டுமே சேவைகளின் எண்ணிக்கைதான், ஒரே அச்சில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஒரு கோடு கீழிறங்கும், இன்னொன்று அடியில் ஏறக்குறைய கிடையாகப் போகும், வெட்டிக்கொள்ளவே செய்யாது. அந்தப் படத்தில் அச்சே வரையப்படவில்லை. இரண்டு அளவுகோல் இருப்பதைக் கவனிக்கவே வாய்ப்பில்லாமல் போய்விட்டது. கருக்கலைப்பு பற்றி ஒருவர் எந்தக் கருத்து வைத்திருந்தாலும், அந்தப் படம் எண்களைத் தலைகீழாகக் காட்டியது.

இதிலிருந்து ஒரு நேரடியான விதி கிடைக்கிறது. அலகு ஒன்றாக இருந்தால் இரண்டாம் அச்சு வேண்டவே வேண்டாம். ஒரு கோடு ரொம்பச் சிறியதாகத் தெரிகிறது என்பது இரண்டாம் அச்சுக்குக் காரணமாகாது. அது சிறியது என்பதே வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

## மூன்றாம் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அலகு வேறாக இருந்தால் என்ன செய்வது? வரைபட வகையைத் தேடுமுன், வாசகர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுவார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் தரவில் கேள்வி மூன்று விதமாக இருக்கலாம், மூன்றுக்கும் படம் வேறு.

ஒன்று: இந்த அறுபது ஆண்டில் மக்கள்தொகை எப்படி மாறியது, எழுத்தறிவு எப்படி மாறியது, எந்தப் பத்தாண்டில் எது வேகம் பிடித்தது? இதற்குத்தான் மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு படங்கள், அதாவது இரண்டு பேனல்.

இரண்டு: எது வேகமாக வளர்ந்தது? இதற்குச் சாதாரணப் பேனல் போதாது. விகிதங்களை ஒப்பிட வேண்டும். இதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று: ஒன்று கூடும்போது இன்னொன்றும் கூடுகிறதா? இதற்குக் காலக் கோடே தவறான கருவி. காலத்தோடு ஏறுகிற எந்த இரண்டும் சேர்ந்து ஏறுவதுபோல்தான் தெரியும். ஒவ்வொரு பத்தாண்டிலும் எவ்வளவு கூடியது என்பதை எடுத்துப் புள்ளி வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை 7.8, 10.9, 13.5, 16.3, 18.3, 18.2 கோடி என்று கூடியிருக்கிறது. எழுத்தறிவு 10.0, 6.2, 9.1, 8.6, 12.6, 8.2 புள்ளி. கோடுகளாகப் பார்த்தபோது கைகோத்து நடந்தவை, இங்கே ஒரு ஒழுங்கும் இல்லாமல் சிதறுகின்றன. ஆறே புள்ளிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் முன்பு பார்த்த ஒற்றுமை எவ்வளவு வெறுமையானது என்பது தெரிந்துவிடும்.

உண்மையில் பலர் மனதில் இருக்கும் கேள்வி நான்காவது: படிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை கூடியதா, குறைந்ததா? அதற்கு இந்த இரண்டு கோட்டையும் எப்படி வரைந்தாலும் பதில் வராது. அந்த எண்ணிக்கையையே ஒரு தனி வரிசையாகக் கணக்கிட்டு, ஒரே கோடாக, ஒரே அச்சில் போட வேண்டும். மொத்த மக்கள்தொகையை எழுத்தறிவு விகிதத்தால் பெருக்கி அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த விகிதம் சிறு குழந்தைகளைச் சேர்க்காமல் எடுக்கப்படுவது. உரிய வயதுக்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கை வேண்டும். இரட்டை அச்சுப் படம் வரையத் தோன்றும்போதெல்லாம், உண்மையில் வேண்டியது இந்த மாதிரி மூன்றாவது ஒரு வரிசைதானா என்று யோசித்துப் பாருங்கள். பல நேரம் அதுதான்.

## நான்காம் படி: இரண்டு பேனலை ஒழுங்காக அடுக்குங்கள்

இரண்டு தனிப் படங்களை ஒரு பக்கத்தில் போடுவது வேறு, அடுக்குவது வேறு. அடுக்கிய பேனலில் ஆண்டு அச்சு இரண்டுக்கும் பொது. மேல் பேனலில் 1981-க்கு நேர் கீழே கீழ்ப் பேனலின் 1981 இருக்க வேண்டும். அப்போதுதான் ஓர் ஆண்டைப் பிடித்துக் கண்ணை நேராகக் கீழே இறக்கி, அதே நேரத்தில் மற்றது என்ன செய்தது என்று பார்க்க முடியும். காலத்தைக் காட்டும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது நடக்காது. தவிர, கைபேசியில் இரண்டும் அகலம் சுருங்கிப் போகும். மேலும் கீழுமாக வைத்தால் முழு அகலமும் இரண்டுக்கும் கிடைக்கிறது.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு மேட்பிளாட்லிப்பில் இது சில வரிகள்தான். இரட்டை அச்சுக்கு `twinx()` பயன்படுத்துகிற இடத்தில் `subplots` போதும்:

```python
import matplotlib.pyplot as plt
plt.rcParams["svg.fonttype"] = "none"

year = [1951, 1961, 1971, 1981, 1991, 2001, 2011]
pop  = [36.1, 43.9, 54.8, 68.3, 84.6, 102.9, 121.1]
lit  = [18.3, 28.3, 34.5, 43.6, 52.2, 64.8, 73.0]

fig, (a, b) = plt.subplots(2, 1, sharex=True, figsize=(6, 7))
a.plot(year, pop, marker="o", color="C0")
a.set_ylim(0, 150)
a.set_title("மக்கள்தொகை (கோடி)", loc="left")

b.plot(year[:3], lit[:3], marker="o", mfc="white", color="C1")
b.plot(year[3:], lit[3:], marker="o", color="C1")
b.set_ylim(0, 100)
b.set_title("எழுத்தறிவு (%)", loc="left")
b.set_xticks(year)

for ax in (a, b):
    ax.grid(axis="x", alpha=0.4)
fig.savefig("census.svg")
```

`sharex=True` என்பதுதான் இரண்டு பேனலின் ஆண்டுகளையும் கட்டிப் போடுகிறது. குத்துக் கட்டக் கோடுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் வருவதால் கண் வழி தவறாது. ஒவ்வொரு பேனலின் பெயரும் அலகும் அதன் தலையிலேயே இருக்கின்றன. எந்தக் கோடு எந்தப் பக்க அச்சுக்கு என்று நிறத்தை வைத்துத் தேடுகிற வேலை வாசகருக்கு இல்லை. நிற வேறுபாடு சரியாகத் தெரியாதவருக்கும் இது படிக்க வரும்.

இரண்டாவது வரி தமிழில் எழுதுகிறவர்களுக்காக. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துருவை மாற்றிக் கொடுத்தாலும் பல பதிப்புகளில் ‘கோ’, ‘தொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். அந்த வரியைப் போட்டு எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் எழுத்து எழுத்தாகவே போய், உலாவி அதைச் சரியாகக் கோத்துக் காட்டும். சேமிக்கும்போது எழுத்துரு பற்றி எச்சரிக்கை வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எழுத்தறிவுக் கோட்டை நான் இரண்டு துண்டாக வரைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1951, 1961, 1971 விகிதங்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை. 1981 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை வெளியே எடுத்தால் விகிதம் கொஞ்சம் கூடும். ஆக, 1971-க்கும் 1981-க்கும் இடையில் உள்ள ஏற்றத்தில் ஒரு பங்கு கணக்கிடும் முறை மாறியதால் வந்தது. அது போக, 1981-இல் அசாமிலும் 1991-இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. தனிப் பேனல் இருந்தால் இந்த விஷயங்களை வெற்றுப் புள்ளியாலும் ஒரு சிறு குறிப்பாலும் சொல்ல இடம் இருக்கிறது. இரட்டை அச்சுப் படத்தில் ஒரு கோடு பாதியில் விட்டுப்போனால், அது எந்தக் கோட்டைப் பற்றியது என்பதே குழப்பம். பேனல்களின் இந்த வசதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: ஒவ்வொரு தரவும் தன் குறைகளோடு வெளிப்படையாக நிற்க இடம் கிடைக்கிறது.

எக்செல்லில் செய்வதானால் இரண்டு தனி வரைபடங்கள் போட்டு, ஒரே அகலம் கொடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். இழுக்கும்போது `Alt` விசையைப் பிடித்துக்கொண்டால் கட்டங்களின் விளிம்போடு ஒட்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். வரைபடங்களின் வெளி விளிம்பு நேராக இருந்தாலும், உள்ளே கோடு வரையும் பகுதி நேராக இருக்காது. ஓர் அச்சில் எண்கள் இரண்டிலக்கமாகவும் மற்றதில் மூன்றிலக்கமாகவும் இருந்தால், மூன்றிலக்கம் அதிக இடம் எடுத்துக்கொண்டு அந்தப் படத்தின் உட்பகுதியை வலப்பக்கம் தள்ளிவிடும். ஆண்டுகள் நேருக்கு நேர் வராது. நம் படத்தில் ஓர் அச்சு 150 வரை, மற்றது 100 வரை. இரண்டிலும் மூன்றிலக்க எண் இருப்பதால் இந்தத் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும். மற்ற தரவுகளில் உட்பகுதியைச் சொடுக்கி, கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு தாளை 1981-இன் மேல் குத்தாக வைத்துப் பார்த்தால் நேராக வந்ததா என்று தெரிந்துவிடும்.

பேனலாகப் பிரித்துவிட்டால் எல்லாம் நேர்மையாகிவிடும் என்றும் இல்லை. மக்கள்தொகை அச்சை 30–125 என்று நெருக்கி, எழுத்தறிவை 0–200 என்று விரித்தால் ஒன்று மலையாகவும் மற்றது சமவெளியாகவும் தெரியும். வெட்டுப்புள்ளியும் பொய் இடைவெளியும் போய்விட்டன, சரிவின் தோற்றம் மட்டும் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அதனால் எல்லைகளுக்குத் தரவின் இயல்பிலிருந்தே காரணம் இருக்கட்டும். சதவீதத்துக்கு 0 முதல் 100 இயல்பான எல்லை. மக்கள்தொகைக்குப் பூச்சியத்திலிருந்து, உச்சத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு முழு எண் வரை.

## ஐந்தாம் படி: எது வேகம் என்று கேட்டால்

சாதாரணப் பேனல்களின் சரிவுகளை ஒப்பிடக்கூடாது என்றால், வேகத்தை எப்படி ஒப்பிடுவது? வழக்கமான அறிவுரை, தொடக்க ஆண்டை 100 ஆக வைத்து இரண்டையும் ஒரே அச்சில் போடுவது. 1951-ஐ 100 ஆக வைத்தால் 2011-இல் மக்கள்தொகை 335, எழுத்தறிவு 399. எழுத்தறிவு முந்துகிறது. இப்போது 1961-ஐ 100 ஆக வையுங்கள். 2011-இல் மக்கள்தொகை 276, எழுத்தறிவு 258. மக்கள்தொகை முந்துகிறது!

இரண்டும் சரியான கணக்குதான். 1951-க்கும் 1961-க்கும் இடையில் எழுத்தறிவு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆனது. 18.3 என்கிற சிறிய எண்ணிலிருந்து தொடங்கியதால் பத்துப் புள்ளி ஏறியதே பெரிய விகிதமாகிறது. அந்த ஒரு பத்தாண்டை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கில் முந்தியது மக்கள்தொகை. ஆகவே குறியீட்டெண் படம் போடுகிறவர், அடிப்படை ஆண்டை மாற்றினால் முடிவு மாறுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இந்தத் தொல்லை இல்லாத வழி மடக்கை அளவுகோல். அதில் இரட்டிப்பாவது எங்கே நடந்தாலும் ஒரே உயரம்தான்: 20 என்பது 40 ஆனாலும், 60 என்பது 120 ஆனாலும். இரண்டு பேனலும் ஒரே உயரமாக இருந்து, இரண்டின் அச்சும் ஒரே மடங்கை அடக்கினால், சரிவுகளை நேரடியாக ஒப்பிடலாம். நம் தரவுக்கு மக்கள்தொகை 30–150, எழுத்தறிவு 16–80. இரண்டுமே ஐந்து மடங்கு. மேலே உள்ள நிரலில் `savefig` வரிக்கு முன்னால் இதைச் சேருங்கள்:

```python
for ax, lo, hi, t in [(a, 30, 150, [30, 60, 120]),
                      (b, 16, 80, [20, 40, 80])]:
    ax.set_yscale("log")
    ax.set_ylim(lo, hi)
    ax.set_yticks(t, [str(v) for v in t])
    ax.minorticks_off()
```

படத்தைப் பார்த்தால் நடந்தது தெளிவாகத் தெரியும். முதல் பத்தாண்டில் எழுத்தறிவுக் கோடு செங்குத்தாக எழும்புகிறது, பிறகு இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே சரிவில் போகின்றன. ஆனால் எழுத்தறிவு 100-ஐத் தாண்ட முடியாது. உச்சத்தை நெருங்க நெருங்க அதன் சரிவு குறைந்தே தீரும். அதைப் பின்னடைவு என்று படிக்கக்கூடாது என்பதைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். மடக்கை அளவுகோல் பழக்கமில்லாத வாசகர்களுக்கு என்றால், இந்தப் படத்தைவிடப் பத்தாண்டு வாரியாக வளர்ச்சி வீதத்தை ஒரு சிறு அட்டவணையாகக் கொடுப்பது மேல்.

## இரட்டை அச்சு சரியாக இருக்கும் இடங்கள்

ஒரே அளவை இரண்டு அலகில் காட்டுவதென்றால் தாராளமாகப் போடலாம். இடப்பக்கம் செல்சியஸ், வலப்பக்கம் ஃபாரன்ஹீட் என்றால் இருப்பது ஒரே கோடு, அச்சுகளுக்கு இடையே உள்ள தொடர்பு மாறாத சூத்திரம். யாரும் அதை இழுத்து நீட்ட முடியாது. ஆர் மொழியின் `ggplot2` தொகுப்பு இந்த எல்லையைக் கறாராகவே பிடிக்கிறது. அதில் `sec_axis()` மூலம் வருகிற இரண்டாம் அச்சு, முதல் அச்சின் மதிப்பை ஒரு சூத்திரத்தால் மாற்றியதாக மட்டுமே இருக்க முடியும். தன் போக்கில் ஓர் அளவுகோலை வைக்க விடாது. சூத்திரத்தை நாமே இட்டுக்கட்டினால் அதையும் ஏமாற்றலாம் என்பது வேறு விஷயம், ஆனால் அப்போது அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வெவ்வேறு அளவுகளுக்கும் இது பொருந்துகிற ஓர் அழகான எடுத்துக்காட்டு வால்டர்–லீத் காலநிலைப் படம். மாத வெப்பநிலையையும் மாத மழையையும் ஒரே படத்தில் போடுகிறார்கள். ஆனால் 10 டிகிரி செல்சியஸுக்கு 20 மில்லிமீட்டர் மழை என்ற விகிதம் எல்லா ஊருக்கும் நிலையானது. மழைக் கோடு வெப்பநிலைக் கோட்டுக்குக் கீழே போகிற மாதங்கள் வறண்ட மாதங்கள். அங்கே வெட்டுப்புள்ளிக்குத் தாவரவியல் அறிந்தவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு பொருள் இருக்கிறது, இரண்டு ஊர்களின் படங்களைப் பக்கத்தில் வைத்தும் ஒப்பிடலாம். ஒரு துறையில் இப்படி நிலையான விகிதம் வழக்கத்தில் இருந்தால் அதை மாற்றாமல் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்றைக் கண்டுபிடித்து வைக்க வேண்டாம்.

## ஒரே படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால்

சில நேரம் பக்க வடிவமைப்பாளரோ மேலதிகாரியோ இரண்டு பேனலுக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். முதலில் அதே உயரத்தைப் பாதியாகப் பிரித்து, இரண்டு தட்டையான பேனல்களாக வரைந்து காட்டுங்கள். ஏழு புள்ளிகள் உள்ள ஒரு கோட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் உயரம் தாராளமாகப் போதும். பெரும்பாலும் இதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

அப்படியும் முடியவில்லை என்றால், ஒரு வரிசையை மட்டும் கோடாக வரைந்து, மற்றதை அச்சின் கீழே ஆண்டுகளுக்கு நேராக எண்களாகவே எழுதிவிடுங்கள். மக்கள்தொகைக் கோடு மேலே, அதன் கீழே 1951 என்பதற்கு அடியில் 18.3%, 1961 என்பதற்கு அடியில் 28.3% என்று. வெட்டிக்கொள்ள இரண்டாவது கோடே இல்லை, விவரமும் போகவில்லை. ஏழெட்டுப் புள்ளி வரை இது நன்றாக வரும். மாதவாரித் தரவுபோல நூறு புள்ளிகள் இருந்தால் எண்களை எழுத இடம் இருக்காது, அங்கே ஒரு வரிசையை அடுத்த பக்கத்துக்கு அனுப்புவதே நல்லது.